ஏழு கட்டப் படக்கதையை ஏஐ கருவி எந்த வரிசையில் படிக்கிறது?

வலையை அறுத்தால்தான் ஆவுளியா என்ற கடற்பசு தப்பிக்கும். ஆனால் எங்கள் படக்கதையைப் பார்த்த ஏஐ கருவி, ஆவுளியா தப்பித்துப் போன பிறகு மீனவர் ஆத்திரத்தில் தன் வலையையே கத்தியால் அறுத்தார் என்று எழுதித் தந்தது. வாசித்தால் தடங்கலே இல்லை, நல்ல தமிழ். ஒரே குறை, கதை தலைகீழ்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்து மீனவர்களுக்காக இரண்டு நிமிட விழிப்புணர்வு வீடியோ ஒன்று எடுக்கத் திட்டமிட்டிருந்தோம். காட்சிகளை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் ஒரு பெரிய சார்ட் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தாள். அதைப் போனில் படம் பிடித்து, படம் பார்க்கத் தெரிந்த ஒரு கருவியிடம் கொடுத்து, பின்னணிக் குரலுக்கான வசனம் கேட்டேன். அங்கேதான் சிக்கல் வந்தது. அதைச் சரிசெய்யப்போய் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடப் படக்கதையோ, குறும்பட ஸ்டோரிபோர்டோ, எதையாவது முதன்முதலாக இப்படிக் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் அந்தத் தாளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேல் வரிசையில் ஒரே அளவில் மூன்று கட்டங்கள்: விடியற்காலையில் வள்ளம் புறப்படுகிறது, திருக்கை வலை விடுகிறார்கள், வலையின் மிதவை அமிழ்ந்து ஆடுகிறது. நடுப்பகுதியில் இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டங்கள். மேலே உள்ள நான்காவதில் ஆவுளியா வலைக்குள் கிடக்கிறது. அதன் கீழே ஐந்தாவதில் ஒரு கை கத்தியால் வலையை அறுக்கிறது. இந்த இரண்டின் உயரத்துக்கும் சேர்த்து வலப்பக்கம் ஒரே நெட்டைக் கட்டம். அதுதான் ஆறாவது, ஆவுளியா கடலடியிலிருந்து எழும்பி மேலே வந்து மூச்சு வாங்குகிற படம். கடலின் ஆழம் தெரியட்டும் என்றுதான் அவள் அதை நெட்டையாக வரைந்திருந்தாள். கடைசியில் தாளின் அகலம் முழுக்க ஏழாவது கட்டம், கிழிந்த வலையோடு கரையில் இருவர்.

கருவி 1, 2, 3 என்று ஒழுங்காகப் படித்தது. அப்புறம் 4, 6, 5, 7 என்று போய்விட்டது. இடமிருந்து வலம் என்ற பழக்கத்தில் நான்கிலிருந்து நேரே நெட்டைக் கட்டத்துக்குத் தாவி, பிறகு திரும்பி வந்து ஐந்தைப் படித்திருக்கிறது. ஆவுளியா ஏற்கெனவே போய்விட்டதால் கத்திக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. “ஆத்திரத்தில்” என்ற சொல்லைத் தானாகப் போட்டு ஒட்டுப்போட்டுக்கொண்டது.

உள்ளே என்ன நடக்கிறது

படக்கதை படிக்கும்போது நம் கண் ஒரு கட்டத்தில் நின்று, பிறகு அடுத்ததற்கு நகர்கிறது. கருவியில் அப்படி நகரும் கண் எதுவும் இல்லை. படத்தை முதலில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்குகிறது. பிறகு தரையில் பதித்த ஓடுகள் மாதிரி சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிக்கொள்கிறது. 2020இல் வெளிவந்து பரவலான ஒரு முறையில் 224 பிக்சல் அகலமும் உயரமும் உள்ள படத்தை 16 பிக்சல் சதுரங்களாக வெட்டினார்கள். பக்கத்துக்கு 14 வீதம் மொத்தம் 196 சதுரங்கள் வரும். இப்போதைய கருவிகள் இதைவிடப் பெரிய படங்களை எடுத்துக்கொள்கின்றன, ஆனால் அடிப்படை யோசனை பெரும்பாலும் இதேதான். ஒவ்வொரு சதுரமும் தாளில் எந்த இடத்தில் இருந்தது என்ற குறிப்போடு எல்லாமே ஒரே நேரத்தில் உள்ளே போகும்.

இந்தச் சதுரங்களுக்கும் நாம் வரைந்த கட்டங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு சதுரத்தில் நான்காம் கட்டத்தின் வாலும் ஐந்தாம் கட்டத்தின் கத்தி நுனியும் சேர்ந்தே விழலாம். “இது ஒரு கட்டம், இது அடுத்த கட்டம்” என்பது கருவி பதில் எழுதும்போது ஊகித்துக்கொள்வது. அந்த ஊகத்துக்குப் பிடிமானமாக இருப்பவை எழுதப்பட்ட எண்கள், அம்புக்குறிகள், கட்டங்களுக்கு நடுவே விட்ட வெள்ளை இடம், படத்தோடு இருக்கும் எழுத்து, இதுவரை பார்த்த படக்கதைகளின் வழக்கம், கடைசியாக “கதை இப்படித்தான் போகும்” என்ற எதிர்பார்ப்பு. எண் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொள்கிறது. எண் இல்லாதபோது வழக்கமும் எதிர்பார்ப்பும்தான் முடிவு செய்கின்றன.

வழக்கம் என்றால் இடமிருந்து வலம், வரிசை வரிசையாகக் கீழே. ஜப்பானிய மாங்கா வலமிருந்து இடம் போகும். கீழக்கரைப் பக்கம் அரபுத்தமிழ் ஏடு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் கருவிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அதுவே சரியாகக் கண்டுபிடித்தால் உண்டு.

படம் எடுப்பது

பாதிப் பிழை இங்கேயே வந்துவிடுகிறது. தாளைத் தரையில் விரித்து, போனைக் கீழ்நோக்கிப் பிடித்து எடுக்கும்போது எது மேல் பக்கம் என்று போனுக்கே சில சமயம் தெரியாது. போன் திரையில் படம் நிமிர்ந்து தெரியும், ஆனால் கோப்பின் உள்ளே படம் படுத்தபடி இருக்கும், “என்னைத் திருப்பிக் காட்டு” என்ற ஒரு குறிப்பு மட்டும் சேர்ந்திருக்கும். அந்தக் குறிப்பைக் கவனிக்காத கருவிக்குப் படம் படுத்தபடியே போய்ச் சேரும். அப்படியானால் வரிசைகள் நெடுவரிசைகளாகிவிடும், படிக்கும் முறையே மாறிவிடும். சுலபமான வழி, அனுப்புவதற்கு முன் போனிலேயே படத்தைத் திறந்து, ஓரங்களைச் சற்று வெட்டிச் சேமித்துவிடுவது. பெரும்பாலான போன்களில் அப்போது படம் நிமிர்ந்தபடியே புதிதாக எழுதப்பட்டுவிடும்.

அடுத்தது அளவு. போன் கேமரா 4,000 பிக்சல் அகலத்தில் எடுத்த படத்தைக் கருவி 1,500 ஆகச் சுருக்குவதாக வைத்துக்கொள்வோம். 30 பிக்சல் உயரமிருந்த எழுத்து சுமார் 11 பிக்சல் ஆகிவிடும். ஆங்கில எழுத்தாவது தப்பிக்கலாம். தமிழில் புள்ளி காணாமல் போகும், ன-வும் ண-வும் ஒன்றாகத் தெரியும். “அறுத்தான்” என்று கட்டத்துக்குக் கீழே எழுதியிருப்பதைக் கருவியால் படிக்க முடியாவிட்டால், வரிசையை ஊகிக்க இருந்த ஒரு பிடிமானம் போனது. எனவே பென்சில் கோட்டின் மேல் பேனாவால் ஒருமுறை போடுங்கள், எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது வேறு தன் பங்குக்குச் சுருக்கும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலில் வாசலில் வைத்து எடுத்தால் தாள் வெளுத்துக் கோடே தெரியாது, நிழலில் வையுங்கள். காற்றுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆடிக் கச்சானில் தாள் பறக்கிறது என்று நான்கு மூலையிலும் நான்கு சிப்பியை வைத்து எடுத்தேன். “கரையில் சிப்பிகள் சிதறிக் கிடக்கின்றன” என்று வசனம் தொடங்கியது. பாரத்தைத் தாளுக்கு வெளியே நீட்டிய அட்டையில் வையுங்கள், இல்லாவிட்டால் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

கதையை உடனே கேட்காதீர்கள்

நான் செய்த பெரிய தப்பு, முதல் கேள்வியிலேயே வசனம் கேட்டது. கதை எழுதச் சொன்னால் கருவி கதைதான் எழுதும். பிழையை மறைக்கிற அளவுக்கு நன்றாகவும் எழுதும். “பிறகு”, “அதனால்”, “கோபத்தில்” போன்ற சொற்கள் எந்த இரண்டு படத்தையும் ஒட்டிவிடும். வாசித்துப் பார்த்து வரிசை சரியா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே முதலில் கதை வேண்டாம், கணக்கு போதும். நான் இப்போது இப்படித்தான் தொடங்குகிறேன்:

“இந்தத் தாளில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றும் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது, மேல் இடமா, நடுவில் வலமா, என்ன அளவில் இருக்கிறது என்று மட்டும் சொல். கதை சொல்லாதே.”

எங்கள் தாளுக்கு முதல் பதில் ஆறு கட்டங்கள் என்று வந்தது. பார்த்தால், இரண்டாம் கட்டத்தின் வலைக்கயிறு கோட்டைத் தாண்டி மூன்றாம் கட்டத்துக்குள் நீண்டிருந்தது. அழகுக்காக அவள் செய்தது. கருவி இரண்டையும் ஒரே கட்டமாக எண்ணிவிட்டது. எண்ணிக்கை தப்பாக இருக்கும்போது மேலே போவதில் பயனில்லை. நடுக்கோட்டைத் தடித்த மார்க்கரால் அழுத்திப் போட்டு மறுபடி எடுத்தேன், ஏழு வந்தது.

எண்ணிக்கை சரியான பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் தெரிவதை மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். “ஒரு கை, ஒரு கத்தி, வலைக்கயிறு” என்று வந்தால் நல்லது. “ஆத்திரத்தோடு ஒரு கை” என்று வந்தால் அப்போதே பிடித்துவிடலாம், ஏனென்றால் படத்தில் முகமே இல்லை. அதற்கும் பிறகுதான் “எந்த வரிசையில் படிப்பாய், ஏன்?” என்று கேட்கிறேன்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. “ஐந்துக்குப் பிறகு ஆறுதானே?” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும். புதிதாகத் தொடங்கி “ஆறுக்குப் பிறகு ஐந்துதானே?” என்றாலும் ஆமாம் என்று சொல்லக்கூடும். நம் விருப்பத்தைக் கேள்விக்குள் வைத்தால் பதிலுக்கு மதிப்பில்லை. அதைவிட, அதே படத்தைப் புதிய உரையாடலில் மூன்று தடவை கொடுத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள். எங்கள் தாளில் மூன்று தடவையும் 1, 2, 3, 7 இடம் மாறவில்லை. நடுப்பகுதி மட்டும் ஒரு தடவை 4-5-6, இரண்டு தடவை 4-6-5. எந்த இடத்தில் பதில் ஆடுகிறதோ அந்த இடத்தில் பக்க அமைப்பே இரண்டு வழியாகப் படிக்க இடம் தருகிறது என்று அர்த்தம்.

வரிசையைச் சொல்லிக் கொடுப்பது

ஒவ்வொரு கட்டத்தின் இடது மேல் மூலையிலும் எண்ணை எழுதி வட்டம் போடுங்கள். வட்டம் முக்கியம். வள்ளத்தில் எழுதியிருந்த பதிவெண்ணையும் கட்ட எண்ணையும் எங்கள் கருவி ஒருமுறை குழப்பிக்கொண்டது. வட்டம் போட்ட பிறகு “வட்டத்துக்குள் இருக்கும் எண்தான் கட்ட எண், வேறு எண்களைப் பொருட்படுத்தாதே” என்று சொல்ல முடிந்தது.

கட்டத்துக்குக் கீழே எழுதும் வரிகளிலும் கவனம் வேண்டும். ஸ்டோரிபோர்டில் படத்துக்குக் கீழே காட்சிக் குறிப்பு எழுதுவது வழக்கம். மேல் வரிசைப் படத்துக்கும் கீழ் வரிசைப் படத்துக்கும் சரி நடுவில் அந்த வரி இருந்தால் அது யாருக்குச் சொந்தம் என்று தெரியாது. மூன்றாம் கட்டத்தின் “மிதவை அமிழ்கிறது” என்ற வரியைக் கருவி நெட்டைக் கட்டத்தின் தலைப்பாக எடுத்துக்கொண்டது. குறிப்பைத் தன் படத்தோடு ஒட்டி எழுதி, அடுத்த படத்துக்கு முன் அதைப்போல் இரண்டு மடங்கு இடம் விட்டால் இந்தக் குழப்பம் குறையும்.

மாற்றி வரைய முடியுமானால் இன்னொரு வழியும் உண்டு. நெட்டைக் கட்டம் இடப்பக்கமும் சின்ன இரண்டும் வலப்பக்கமும் இருந்தால், வரிசையாகப் படித்தாலும் நெடுக்காகப் படித்தாலும் ஒரே விடைதான் வரும். குழப்பம் நெட்டை வலப்பக்கம் இருக்கும்போதுதான். என் அக்கா மகளிடம் சொன்னேன். “மாமா, அறுத்ததுக்கு அப்புறம்தானே அது மேலே வருது? பெரிய படம் கடைசியிலதான் வரணும்” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, கதைக்கு அந்த இடம்தான் சரி. அதனால் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே இடைவெளியைக் குறைத்து, இரண்டுக்கும் நெட்டைக்கும் நடுவே அகலமாக்கி, நாலிலிருந்து அஞ்சுக்கு ஒரு சின்ன அம்பு போட்டாள்.

இதெல்லாம் செய்தும் பிடிவாதம் பிடித்தால், கட்டங்களைத் தனித்தனியாக வெட்டி, ஒன்று முதல் ஏழு வரை ஏழு படங்களாகக் கொடுங்கள். வரிசைக் குழப்பம் போய்விடும். ஆனால் தனித்தனியாகக் கொடுக்கும்போது முதல் கட்டத்தில் பனியனோடு இருந்தவரும் ஏழாவதில் நிற்பவரும் ஒரே ஆள் என்பதைக் கருவி தவறவிடலாம். முழுத் தாளையும் முதலில் கொடுத்துவிட்டு, தொடர்ந்து துண்டுகளைக் கொடுப்பது என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்கிறது. துண்டுகளை ஏற்றிய பின் அனுப்புவதற்கு முன், அவை நீங்கள் தேர்ந்த வரிசையிலேயே நிற்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டங்களை வெட்டித் தரும் வேறு வகைக் கருவி

கதை எழுதாமல், பக்கத்திலிருந்து கட்டங்களைக் கண்டுபிடித்து வெட்டி வரிசைப்படுத்தித் தரும் நிரல்களும் இருக்கின்றன. அவற்றில் எளிமையானவை ஒவ்வொரு கட்டத்தின் மேல் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, மேலே இருப்பதை முதலில் வைக்கும். படம் சாய்ந்திருந்தால் இங்கே கதை முடிந்தது. 3,000 பிக்சல் அகலத் தாள் வெறும் 2 டிகிரி சாய்ந்தால்கூட, இட ஓரத்துக்கும் வல ஓரத்துக்கும் சுமார் 105 பிக்சல் உயர வித்தியாசம் வரும். வலப்பக்கம் தூக்கியிருந்தால் மூன்றாம் கட்டம் முதலாவதாகிவிடும், வரிசை 3, 2, 1 என்று திரும்பிவிடும். மேல் வரிசை மட்டும் அப்படியே பின்னோக்கி வந்தால், சாய்வுதான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். படத்தை நேராக்கிக் கொடுங்கள். அல்லது, பாதிக் கட்ட உயரத்துக்குள் உள்ள வித்தியாசத்தை ஒரே வரிசையாகக் கருதும்படி நிரலில் அமைக்க இடமிருந்தால் அப்படி அமையுங்கள்.

எண்ணைப் பார்க்கிறதா, ஊகிக்கிறதா

கடைசியாக ஒரு சோதனை. தாளின் நகல் ஒன்றை எடுத்து, கட்டங்களை வெட்டி, வேண்டுமென்றே ஏறுக்குமாறாக ஒட்டினேன். கரையில் கிழிந்த வலை முதல் கட்டம், வள்ளம் புறப்படுவது கடைசிக் கட்டம். எண் எதுவும் எழுதவில்லை. “இருக்கும் வரிசையிலேயே சொல்” என்று கேட்டேன். கருவி வள்ளம் புறப்படுவதிலிருந்துதான் தொடங்கியது. தாளில் இருந்ததைவிட, மீன்பிடிப்பு இப்படித்தான் நடக்கும் என்ற அதன் எதிர்பார்ப்புக்கு வலு அதிகம். அதே தாளில் ஏறுக்குமாறான வரிசைப்படியே வட்ட எண்களைப் போட்டுக் கொடுத்ததும், கிழிந்த வலையிலிருந்து தொடங்கியது. உங்கள் கருவியிலும் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். கதை வழக்கத்தை மீறிப் போகிற படக்கதைகளுக்கு, பின்னோக்கு உத்தி, கனவு, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடப்பது போன்றவற்றுக்கு, எண் இல்லாமல் அதை நம்பலாமா கூடாதா என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாகி, ஏழு கட்டமும் வரிசையாக வசனமாகி வந்ததை, வடகடலில் தொழில் செய்யும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய்க் காட்டினேன். போனில் வசனத்தைக் கேட்டுக்கொண்டே தாளில் விரல் வைத்து வந்தவர், நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே நிறுத்திவிட்டார்.

“தம்பி, வலைக்குள்ள கிடக்குறப்ப அதுக்கு மூச்சு முட்டும். மொதல்ல வலையோட தூக்கி மூக்கைத் தண்ணிக்கு மேலே வைக்கணும். கத்தி அப்புறம். உங்க படத்துல அது எங்க?”

அவர் சொன்னது சரி. ஆவுளியா மீன் இல்லை, மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், தாமதித்தால் வலைக்குள்ளேயே மூழ்கிச் செத்துவிடும். எங்கள் வரிசையிலேயே ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது. இல்லாத கட்டத்தைக் கருவி எங்கே போய்ப் படிக்கும்?

அக்கா மகள் ஒரு துண்டுத் தாளில் தலையைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு கைகளை வரைந்து, நாலுக்குக் கீழே ஒட்டி, 5 என்று எண் போட்டாள். பழைய 5, 6, 7 எண்களை வெள்ளை மையால் அழித்து 6, 7, 8 ஆக்கினாள். படம் எடுத்து அனுப்பினோம். வெள்ளை மைக்கு அடியில் பழைய எண் லேசாகத் தெரிந்திருக்கிறது, ஐந்தாம் கட்டம் இரண்டு இருக்கிறது என்று பதில் வந்தது. பழைய எண் தெரியாதபடி மேலே புதுத்தாள் ஒட்டி எண் எழுதிய பிறகுதான் எட்டும் வரிசையாக வந்தன.